நாட்டியப் பள்ளிக்கு ஒரு பெயர்

கும்பகோணத்துப் பக்கம் அச்சகமும் பெயர்ப்பலகைத் தொழிலும் நடத்துகிறவன் என்பதால், ஊரில் புதிதாகத் தொடங்கும் நாட்டியப் பள்ளிகளும் பாட்டு வகுப்புகளும் தங்கள் பெயரோடு முதலில் வந்து நிற்கும் இடங்களில் எங்கள் கடையும் ஒன்று. பலகை, கட்டண அட்டை, ரசீதுப் புத்தகம் என்று தொடங்கி, சில ஆண்டுகள் கழித்து அரங்கேற்ற அழைப்பிதழ் வரை அதே பெயரை நாங்கள் அச்சடிக்கிறோம். எந்தப் பெயர் வாயில் நிற்கிறது, எது நிற்பதில்லை என்பதைப் பக்கத்தில் இருந்தே பார்க்க முடிகிறது. புரட்டாசி பிறந்தால் விஜயதசமிச் சேர்க்கைக்குள் பலகை மாட்டியாக வேண்டும் என்ற அவசரத்தில் பெயரை முடிவு செய்பவர்களே அதிகம். அப்படி வந்த ஒரு டீச்சரின் கதையை, அவர் அனுமதியோடு, ஊரும் பெயரும் தவிர்த்து இங்கே எழுதுகிறேன்.

டீச்சர் பரதநாட்டியம் சொல்லிக்கொடுப்பவர். கணவர் மிருதங்கம் வாசிப்பவர். கணவரின் தங்கை வாய்ப்பாட்டு ஆசிரியை. மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும், சனிக்கிழமை காலையில் பெரியவர்களுக்கும் வகுப்பு நடத்துவது அவர்கள் திட்டம். பெரியவர்கள் என்றால், சிறு வயதில் நான்கைந்து அடவோடு நின்றுபோய் இப்போது மீண்டும் தொடங்க நினைக்கும் பெண்களும், பணி ஓய்வு பெற்றபின் சரளி வரிசையில் உட்கார நினைப்பவர்களும்தான். அவர்கள் கொண்டுவந்த பெயர் "ஸ்ரீ நடராஜ நிருத்ய சங்கீத கலாலயா". குடும்பத்தில் எல்லோருடைய விருப்பமும் அதில் ஒவ்வொரு சொல்லாகச் சேர்ந்திருந்தது என்பது கேட்ட உடனே தெரிந்தது.

நான் முதலில் பலகைக் கணக்கைச் சொன்னேன். வீட்டு முகப்பில் எட்டடி நீளம், மூன்றடி உயரத்துக்குத்தான் இடம் இருந்தது. ஓரங்களை விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 84 அங்குல நீளம். தமிழ் எழுத்து, கால், கொம்பு எல்லாவற்றையும் தனித்தனி வடிவமாக எண்ணினால் அந்தப் பெயரில் 20 வடிவங்கள் வரும்; சொற்களுக்கு இடையே நான்கு இடைவெளி வேறு. ஒரு வடிவம் சராசரியாகத் தன் உயரம் அளவுக்கே அகலமும் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், ஒரே வரியில் எழுத்தின் உயரம் மூன்றரை அங்குலம்தான். எங்கள் தொழிலில் ஓர் அங்குல எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம் என்பது தோராயக் கணக்கு. ஆக, முப்பத்தைந்து அடிக்கு அப்பால் வண்டியில் போகிறவருக்கு இந்தப் பலகையில் தெரிவது நடராஜர் படம் மட்டுமே. இரண்டு வரியாக உடைத்தால் எழுத்து ஏழு அங்குலமாகும். ஆனால் ஆங்கிலத்துக்கும் தொலைபேசி எண்ணுக்கும் இடம் நெருக்கும். தமிழ்நாட்டில் கடைகள், வணிக நிறுவனங்களின் பெயர்ப்பலகைக்கான விதிப்படி தமிழ் முதலிலும் பெரிதாகவும், அடுத்து ஆங்கிலம், பிறகு வேறு மொழி என்று 5:3:2 அளவில் இருக்க வேண்டும். நடன வகுப்பு வணிகமா என்று வாதாடலாம். பலகை மாட்டியபின் நகராட்சி ஊழியரிடம் நின்று வாதாடுவதைவிட அந்த அளவிலேயே எழுதிவிடுவது எளிது என்று எல்லோருக்கும் சொல்வேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் அந்தப் பெயரின் ஒவ்வொரு சொல்லிலும் இருந்தது. நாட்டியாலயா, நிருத்யாலயா, கலாலயா, கலாக்ஷேத்ரா, கலாமந்திர் என்ற ஐந்தாறு சொற்களைச் சுற்றியே தமிழ்நாட்டின் பாதி நடனப் பள்ளிகள் இருக்கின்றன. இந்தச் சொற்கள் எப்படிப் புழக்கத்துக்கு வந்தன என்று பார்த்தால், முதலில் வைத்தவர்களுக்கு அவை தேய்ந்த சொற்களாக இல்லை. கேரள கலாமண்டலம் 1930இல் தொடங்கியபோது அந்தப் பெயர் புதிது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் அடையாறில் தொடங்கிய நிறுவனத்துக்கு முதலில் இருந்தது ஆங்கிலப் பெயர்தான், இன்டர்நேஷனல் அகாடமி ஆஃப் ஆர்ட்ஸ். இரண்டே ஆண்டில் அது கலாக்ஷேத்ரா ஆனது. உலகம் முழுவதற்கும் பொருந்தும்படி வைத்த பெயர் போய், ஒரே சொல்லாக ஒட்டிய பெயர் நின்றுவிட்டது. அதன் வெற்றிதான் பின்னால் வந்தவர்களுக்கு இடைஞ்சல்; இன்று ஏதோ ஒரு சொல்லோடு க்ஷேத்ராவை ஒட்டினால், ஒட்டிய சொல் மறைந்து பழைய நிறுவனமே நினைவுக்கு வருகிறது. அங்கே படித்து வந்தவர்கள் தங்கள் பள்ளியின் பெயரிலேயே அதைச் சேர்க்க விரும்புவதுண்டு. படிப்பைச் சொல்ல வேண்டிய இடம் ஆசிரியரின் பெயருக்குக் கீழே உள்ள வரி. பள்ளியின் பெயருக்குள் அதைக் கொண்டுவந்தால் கிளை என்று பெற்றோர் நினைத்துக்கொள்வார்கள், அந்த நிறுவனமும் கேள்வி கேட்கலாம்.

வேறு வழியில் போனவர்களும் இருக்கிறார்கள். மிருணாளினி சாராபாய் 1949இல் அகமதாபாத்தில் தொடங்கியது தர்ப்பணா. 1968இல் தனஞ்சயன் தம்பதியர் சென்னையில் வைத்தது பரத கலாஞ்சலி. 1990இல் புரோதிமா பேடி பெங்களூருக்கு வெளியே ஹெசரகட்டாவில் அமைத்த நிருத்யகிராமம், பெயரைப் போலவே கிராமமாகவே கட்டப்பட்டது. இவை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவை. சொல்ல முடியாதவை என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. மியூசிக் அகாடமிக்கு சங்கீத வித்வத் சபை என்ற அழகான பெயரும் உண்டு, அழைப்பிதழிலும் அச்சாகிறது. ஆனால் டிசம்பரில் ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லி இறங்கியவர் எவரையும் நான் சந்தித்ததில்லை.

ஆகவே டீச்சரிடம் ஒரு வேலை கொடுத்தேன். யோசித்த ஒவ்வொரு பெயரையும் மூன்று வாக்கியத்தில் வைத்து உரக்கச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். தொலைபேசியை எடுத்ததும் "வணக்கம், இன்ன இடத்திலிருந்து பேசுகிறேன்" என்று அவரே சொல்வது ஒன்று. ஒரு தாய் இன்னொரு தாயிடம் "எங்க பொண்ணு அங்கதான் போறா" என்று சொல்வது ஒன்று. கோயில் விழாவில் ஒலிபெருக்கி முன் தொகுப்பாளர், தாளைப் பார்த்து முதல்முறையாகப் படிப்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் தாண்டிவிடும் பெயர்கள்கூட மூன்றாவதில் சிக்கும். "நிருத்ய" என்ற சொல்லை மேடையில் நிர்த்திய, நிருதிய, நித்திய என்று மூன்று விதமாகக் கேட்டிருக்கிறேன். ஒரு விழாவில் நித்ய சங்கீதம் என்றே அறிவித்துவிட்டு, ஆட வந்த பிள்ளைகளைப் பாட்டு எப்போது தொடங்கும் என்று கேட்டார்கள்.

அடுத்த வாரம் அவர்கள் புதிய பட்டியலோடு வந்தார்கள். பட்டியலில் இருந்த பெயர்கள் ஒவ்வொன்றும் ஏன் விழுந்தது என்பதுதான் உண்மையில் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் "ஆடல் பாடல்". நாட்டியமும் பாட்டும் இரண்டும் இருக்கின்றன, தூய தமிழ், எளிமை. ஆனால் நம் ஊர்களில் ஆடல் பாடல் நிகழ்ச்சி என்றால் திருவிழா மேடையில் சினிமாப் பாட்டுக்கு ஆடுவது; அதற்கு அனுமதி கேட்டு நீதிமன்றம் வரை போகிறார்கள். இந்தப் பெயரோடு பலகை மாட்டினால் ஆடி மாதம் முழுவதும் "குரூப்புக்கு எவ்வளவு?" என்று தொலைபேசி வரும் என்றேன். டீச்சரின் கணவர் சிரித்தார், டீச்சர் சிரிக்கவில்லை.

அடுத்து "பதம்". எனக்கு மிகவும் பிடித்த பெயர். பதம் என்பது பாடுகிறவரும் ஆடுகிறவரும் பகிர்ந்துகொள்ளும் உருப்படி. க்ஷேத்ரய்யாவின் தெலுங்குப் பதங்களும், முத்துத்தாண்டவரின் தமிழ்ப் பதங்களும் இரண்டு கலைக்கும் பொது. சமையலறையில் பாகு பதம் வந்துவிட்டதா என்று கேட்கும் பதமும் அதிலேயே இருக்கிறது. தமிழில் எழுதினால் பிசகே இல்லை. ஆனால் பெற்றோர் கைப்பேசியில் தட்டுவது Padam என்றுதான். அந்த ஐந்து எழுத்தைத் தமிழன் படம் என்றே வாசிப்பான். தேடினால் வருவது புதுப்படம், பழைய படம், படம் பதிவிறக்கம். Patham என்று எழுதினால் பாதம் என்றும் படிக்கலாம், பத்தாம் என்றும் படிக்கலாம். விட்டுவிட்டோம், மனமில்லாமல்.

"ஜதிஸ்வரம்" வந்தது. பரதநாட்டியக் கச்சேரியின் உருப்படி வரிசையான மார்க்கத்தில் அலாரிப்புக்கு அடுத்து ஆடுவது. ஜதியும் ஸ்வரமும் ஒரே சொல்லில் சேர்வதால் மூவருக்கும் பங்கு உண்டு. தொழில் தெரிந்தவர்கள் கேட்டதும் தலையாட்டுவார்கள். ஆனால் புழக்கத்தில் இது முழுதாக நிற்காது, "ஜதி" என்று சுருங்கும். ஆங்கில எழுத்தில் Jathi. அதைப் பார்த்தவர் சாதி என்று வாசித்து, இது ஏதோ ஒரு சமூகத்தாரின் சங்கம் என்று நினைக்க இடம் உண்டு. பரதநாட்டியத்தை யார் ஆடினார்கள், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பழைய விவாதம் இன்னும் ஓயாத நிலையில், வாசலிலேயே அந்தச் சொல்லின் சாயல் விழுவது வேண்டாம் என்று டீச்சரே சொன்னார்.

பிறகு தமிழிசைப் பக்கம் திரும்பினோம். ஏழு சுரங்களுக்கும் தமிழில் பெயர் உண்டு: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் படித்தவர்கள் இவற்றை விட மாட்டார்கள். கைக்கிளை ஒருதலைக் காதலுக்கும் பெயர். பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு ஆகாது. இளி என்று பலகை எழுதினால் இளிக்கிறார்கள் என்பார்கள். விளரி ஒலிக்கும்போது இனிமை, மூன்றே எழுத்து, ஆங்கிலத்திலும் குழப்பமில்லை. ஆனால் அது நெய்தல் நிலத்து இரங்கற்பண்ணின் பெயர் என்று அகராதி சொல்கிறது. தெரியாதவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இசைப்பள்ளியின் பெயரைத் தெரியாதவர்களை நம்பி வைக்கக் கூடாது, ஒரு தமிழாசிரியர் பெற்றோராக வந்து சேர்ந்தால் போதும். முகாரி என்று எவரும் வைப்பதில்லை அல்லவா, அதே காரணம்தான். ராகப் பெயர்களில் நீலாம்பரியையும் யோசித்தார்கள். தாலாட்டு ராகத்தில் வகுப்புக்குப் பெயர் வைத்தால் மாணவர்கள் தூங்குகிறார்கள் என்று உறவினர் யாராவது ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒரு புகழ்பெற்ற திரைப்பட வில்லியின் பெயரும் அதுவே.

"சலங்கை" என்றதும் நாத்தனார் முகம் மாறியது. பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் அதில் இடம் இல்லை. பெரியவர்கள் வகுப்பு இருப்பதால் மழலை, தளிர், மொட்டு என்று தொடங்கும் பெயர்களும் வேண்டாம் என்று தள்ளினோம். நாற்பது வயதில் அரைமண்டி உட்காரத் துணிந்து வருபவர், "மழலை" என்று எழுதிய ரசீதைக் கணவரிடம் காட்டத் தயங்குவார். "வித்யாலயா" என்று முடியும் பெயருக்கு எல்.கே.ஜி. சேர்க்கை எப்போது என்று அழைப்பு வருவதை இன்னொரு வாடிக்கையாளர் மூலம் அறிவேன். பல்கலைக்கழகம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் தடுக்கிறது. அகாடமி, பள்ளி, பயிலகம், கலைக்கூடம் என்பவற்றில் அந்தச் சிக்கல் இல்லை.

பாணியின் பெயரைச் சேர்க்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. டீச்சர் படித்தது பந்தநல்லூர் பாணியில். வழுவூர், பந்தநல்லூர், தஞ்சாவூர் என்று பெயரில் சேர்த்துவிட்டால் தெளிவு கிடைக்கும். அதோடு ஒரு கட்டுப்பாடும் வந்துவிடும். பின்னாளில் வேறு பாணியில் படித்த ஆசிரியை ஒருவர் வேலைக்கு வந்தால் அவர் சொல்லிக்கொடுக்கும் அடவு வேறாக இருக்கும், பெயர் பொய்யாகிவிடும். இந்த இடத்தில் எனக்குக் கருத்து இருந்தாலும் சொல்லவில்லை. அது ஆடுகிறவர்கள் முடிவு செய்ய வேண்டியது. டீச்சர் அதையும் கீழ்வரிக்கே அனுப்பினார்.

கடைசியில் அந்தப் பெயரைச் சொன்னது மிருதங்கக்காரர்: "சொற்கட்டு". தகிட, தகதிமி என்று நட்டுவாங்கத்தில் வாயால் சொல்வதும், மிருதங்கத்தில் விரலால் வாசிப்பதும், கொன்னக்கோலில் தனியாக நிற்பதும் அதுவே. முழுத் தமிழ்ச் சொல், மேடைத் தொகுப்பாளர் பிழையாகப் படிக்க வழியில்லை. பலகைக் கணக்கில் சொ-வின் கொம்பையும் காலையும் சேர்த்து ஏழே வடிவங்கள். 84 அங்குலத்தில் எழுத்து பன்னிரண்டு அங்குலம் நிற்கும், ஆங்கிலத்துக்கு ஏழு அங்குலம் கொடுக்கலாம், இரண்டும் சேர்ந்தும் மூன்றடி உயரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் ஆகும். ஆங்கிலத்தில் Sorkattu, Solkattu என்று இரண்டு எழுத்துமுறை உண்டு. இசை பற்றிய ஆங்கில நூல்களில் Solkattu நிலைபெற்றுவிட்டதால் அதையே எடுத்தோம். எண்கணிதம் பார்க்கும் மாமா ஒருவர் கடைசியில் ஒரு H சேர்க்கச் சொன்னார். அந்த H-ஐ எவரும் தட்ட மாட்டார்கள், தேடுகிறவருக்குப் பள்ளி கிடைக்காது என்று நான் சொல்லிப் பார்த்தேன். டீச்சரின் மாமியார் சொன்னதுதான் எடுபட்டது. "கேட்க நல்லா இருக்கு, விடுங்க" என்றார்.

குறை இல்லாமல் இல்லை. கலை தெரியாத பெற்றோருக்குச் சொற்கட்டு என்றால் தமிழ் இலக்கண வகுப்பு என்று தோன்றலாம். வாய்ப்பாட்டுக்கு நேரடித் தொடர்பு குறைவு என்ற நாத்தனாரின் வருத்தமும் நியாயமானது. அதனால் பெயருக்குக் கீழே "வாய்ப்பாட்டு, பரதநாட்டியம், மிருதங்கம்" என்று அவருடைய கலையை முதலில் வைத்தும், "சிறுவர், பெரியவர்" என்று அடுத்தும் ஒரு வரி சேர்த்தோம். ஒரே சொல்லில் பெயர் வைப்பவர்கள் இந்தக் கீழ்வரியைப் பெயரின் பகுதியாகவே நினைக்க வேண்டும். கட்டண அட்டை, முகநூல் பக்கம், கூகுள் வரைபடம் எதிலும் அது விடுபடக் கூடாது.

பதிவு பற்றி இனி. பள்ளியின் பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்வதானால் கல்வி, கலைப் பயிற்சிக்கு உரியது 41ஆம் வகுப்பு. ipindia.gov.in தளத்தில் உள்ள பொதுத் தேடலில் சொல்லை அப்படியே தேடுவதோடு நிற்காமல் ஒலி ஒப்புமைத் தேடலையும் பார்க்க வேண்டும், ஏனெனில் நம் சொற்களுக்கு ஆங்கிலத்தில் நிலையான எழுத்து இல்லை. நிருத்யா என்பதை Nritya, Nrithya, Nruthya என்று மூன்று பேர் மூன்று விதமாகப் பதிந்திருப்பார்கள், ஒன்றைத் தேடினால் மற்றொன்று வராது. தனிநபர் இணையவழியாக விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். தமிழ் எழுத்திலேயே பதிவதானால் ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஏற்கப்பட்டால் வணிகக் குறி இதழில் வெளிவரும். நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் பதிவாகும், பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இதில் சாஸ்திரியக் கலைகளுக்கே உரிய ஒரு தடை உண்டு. செய்யும் தொழிலை அப்படியே விவரிக்கும் சொல்லைத் தனி உரிமையாக்க 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆவது பிரிவு இடம் தருவதில்லை. பரதநாட்டியப் பள்ளி, கர்நாடக இசை அகாடமி என்ற பெயர்கள் வைக்கலாம், சொந்தம் கொண்டாட முடியாது. தெய்வப் பெயருக்கும் ஏறக்குறைய அதே நிலை. ஊதுபத்திக்கு "ராமாயண்" என்ற பெயரைப் பதிய முயன்ற வழக்கில், புனித நூலின் பெயர் ஒருவருக்கு மட்டும் உரியதாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது. நடராஜர் பெயரில் பள்ளி நடத்துபவர் அடுத்த தெருவில் இன்னொரு நடராஜா தொடங்கினால் தடுக்க வழி குறைவு. சொற்கட்டு எங்கே நிற்கும்? கலைச்சொல் என்பதால் விவரிக்கும் சொல் என்று பரிசோதகர் ஆட்சேபிக்க வாய்ப்பு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே, தமிழ் எழுத்தின் குறிப்பிட்ட வடிவமைப்போடு சேர்த்து விண்ணப்பிக்கலாம் என்று அவர்களுடைய வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். பதிவு கிடைக்கும் வரை பெயருக்குப் பக்கத்தில் ™ போடலாம், வட்டத்துக்குள் R போடக் கூடாது. அச்சுக்கு வருபவர்களில் பலர் இரண்டையும் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள்.

பெயர் முடிவானபின் நான் கேட்ட கடைசிக் கேள்வி வங்கிக் கணக்கு பற்றியது. கட்டணத்தை இப்போது எல்லோரும் கைப்பேசியில்தான் செலுத்துகிறார்கள். பணம் அனுப்பும் முன் திரையில் தெரிவது கணக்கு வைத்திருப்பவரின் பெயர். பலகையில் சொற்கட்டு, திரையில் டீச்சரின் மாமனார் பெயர் என்று இருந்தால், புதிதாகச் சேரும் பெற்றோர் அழைத்துக் கேட்ட பிறகே அனுப்புவார்கள். பள்ளியின் பெயரில் நடப்புக் கணக்கு திறக்க, அந்தப் பெயரில் தொழில் நடப்பதற்கான சான்று வேண்டும் என்று வங்கி கேட்டது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம் என்பதால் அதை முதலில் முடித்தார்கள். அந்தச் சான்றிதழில் பெயரின் ஆங்கில எழுத்து எப்படி விழுகிறதோ, வங்கியில் அப்படியே இருக்க வேண்டும், ரசீதிலும் அப்படியே. ரசீதுப் புத்தகத்தை அச்சுக்கு எடுக்கும் முன் சான்றிதழின் நகலை வாங்கி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன்.